பழைய பதிவேடுகளைப் படியெடுக்கும் திட்டம்: தலைமையாசிரியர் தொடக்க உரையில் என்ன பேசலாம்?

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய கையெழுத்துச் சேர்க்கைப் பதிவேடுகளை மாணவர்களைக் கொண்டே படியெடுத்துக் கணினியில் ஏற்றப் போகிறோம். தலைமையாசிரியர் என்ற முறையில் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசித் தொடங்கிவைக்க வேண்டும். வெறும் வாழ்த்துரையாகப் போய்விடாமல், பிள்ளைகளுக்கு வேலை புரியும்படி என்ன பேசலாம்?

பதில்:

பதிவேட்டின் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு பேசுங்கள். பள்ளியின் தொன்மை, வரலாற்றின் பெருமை என்று ஆரம்பித்தால் பத்து நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். பிள்ளைகள் கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போவார்கள்; முதல் பக்கத்தைத் திறந்ததும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வரியைத் திரையில் காட்டி, அதை எல்லோரும் சேர்ந்து வாசித்து, எங்கே தடுமாறுகிறோம் என்று கண்ணால் கண்டுவிட்டால், திட்டத்தின் முக்கால்வாசி விதிகள் அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

அந்த வரியை உண்மையான பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். பழைய பதிவேட்டின் பாணியில் நீங்களே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு நான் அமைத்துக்கொண்ட மாதிரி வரி இது. வரிசை எண் 47, சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் ‘௸’ என்ற குறி, பெயர் சு. ராமலிங்கம், பிறந்த தேதி 3.7.11, வயது 5-11, சேர்ந்த வகுப்பு 1, நீங்கிய தேதி 4.11.19, நீங்கிய காரணம் ‘தகப்பனார் மாற்றல்’. இதற்கு மேலே உள்ள 46ஆம் வரியில் சேர்ந்த தேதி 12.6.17 என்று இருக்கிறது. நல்ல மைப்பேனாவால், சற்று அவசரமான கையெழுத்தில் இதை எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியில் உள்ள 3 என்ற எண்ணின் இடது வாய் கொஞ்சம் மூடியிருக்கட்டும். 7 என்ற எண்ணின் தலைக்கோடு மங்கலாக இருக்கட்டும்.

உரையை இப்படித் தொடங்கலாம்:

“பிள்ளைகளே, திரையில் ஒரு வரி தெரிகிறது. பழைய பதிவேடுகளில் இருப்பதைப் போல நானே எழுதியது. இந்தப் பையன் எந்தத் தேதியில் பிறந்தான்? யோசிக்க வேண்டாம், கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்.”

மூன்று விதமான பதில் வரும். சிலர் 3.7.11 என்பார்கள், சிலர் 8.7.11 என்பார்கள், சிலர் 3.1.11 என்பார்கள். இந்தக் கூச்சலை அடக்க அவசரப்படாதீர்கள். ஒரே வரியை நல்ல கண்ணுள்ள மூன்று பேர் மூன்று விதமாக வாசிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்ளும் நேரம் அது. ஒரு பக்கத்தை ஏன் இரண்டு பேர் தனித்தனியாகப் படியெடுக்க வேண்டும் என்று அதன் பிறகு நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்து, தடுமாற்றத்தைத் தீர்க்கும் வழியைக் காட்டுங்கள். படியெடுப்பில் உள்ள மிகப் பயனுள்ள உத்தி இதுதான் என்பது என் எண்ணம். சேர்க்கைப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசை எண் பத்தி இருக்கிறது. 38, 39, 40, 41 என்று எண்கள் ஒழுங்காக இறங்கிவரும். அந்தப் பத்தியில் எந்த எண் எங்கே வரும் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆகவே அதே எழுத்தர் 3 எப்படிப் போடுவார், 8 எப்படிப் போடுவார், 1க்கும் 7க்கும் என்ன வேறுபாடு காட்டுவார் என்பதற்கான திறவுகோல் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. 38ஐப் பார்த்தால் 3ம் 8ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 41ல் உள்ள 1ஐ 47ல் உள்ள 7ஓடு ஒப்பிடலாம்.

“இந்த எழுத்தர் இன்று நம்மோடு இல்லை. ஆனால் தன் கையெழுத்தை எப்படிப் படிப்பது என்று இடதுபக்கப் பத்தியில் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார். தேதியில் சந்தேகம் வந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.”

இரண்டாவது சோதனை கணக்கு. வயதுக் கட்டத்தில் 5-11 என்று இருக்கிறது, அதாவது 5 வயது 11 மாதம். ௸ குறி மேல் வரியின் தேதியையே குறிப்பதால் சேர்ந்த தேதி 12.6.17. பிறந்தது 3.1.11 என்றால் சேரும்போது 6 வயது 5 மாதம் ஆகியிருக்கும். ஆகவே அந்த வாசிப்பு அடிபட்டுப் போகிறது, மாதம் 7தான். ஆனால் 3ஆம் தேதியா, 8ஆம் தேதியா என்பதை இந்தக் கணக்கு தீர்க்காது. எந்தத் தேதியை எடுத்தாலும் 5 வயது 11 மாதம்தான் வரும். அதற்கு எழுத்தரின் 3ஐயும் 8ஐயும் ஒப்பிடுவது ஒன்றே வழி. ஒப்பிட்டும் தெளியவில்லை என்றால் `[3?].7.11` என்று சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுத வேண்டும். ஊகத்தைத் தெளிவான வாசிப்பைப் போல எழுதிவைத்தால் அதை யாராலும் பிறகு பிரித்தெடுக்க முடியாது. சந்தேகக் குறி போட்டால் நாளைக்கு வேறொருவர் வந்து தீர்க்க முடியும். “கேள்விக்குறி போட்டால் மதிப்பெண் குறையாது” என்பதை நீங்கள் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். பரீட்சையில் வெற்றிடம் விடக்கூடாது என்று பழகிய பிள்ளைகள் இவர்கள். தலைமையாசிரியர் சொல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பதிவேடுகளில் பிறந்த தேதி என்பது பல சமயம் சேர்க்கை நாளன்று பெற்றோர் குத்துமதிப்பாகச் சொன்னது, அல்லது எழுத்தர் வயதிலிருந்து கணக்கிட்டுப் போட்டது. ஒரே மாதமும் தேதியும் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளைகள் அதைத் தவறு என்று நினைத்து மாற்றப் பார்ப்பார்கள். மாற்றக்கூடாது. பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதே நம் கேள்வி. அந்தப் பையன் உண்மையில் எப்போது பிறந்தான் என்பது வேறு கேள்வி. வயதுக் கணக்கும் அப்படித்தான். கையெழுத்தில் சந்தேகம் இருக்கும் இடத்தில் மட்டும் அது கைகொடுக்கும். தெளிவாக எழுதப்பட்ட தேதி வயதோடு பொருந்தவில்லை என்றால், எழுத்தர் கணக்கில் தவறியிருக்கிறார் என்று பொருள். அந்தத் தவறும் பதிவேட்டின் பகுதி. அதை அப்படியே எடுத்துவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் ‘வயது பொருந்தவில்லை’ என்று எழுதினால் போதும்.

பெயருக்கு வருவோம். திரையில் இருப்பது ‘ராமலிங்கம்’. தமிழாசிரியரிடம் நன்றாகப் பயின்ற மாணவி ஒருத்தி அதை ‘இராமலிங்கம்’ என்று திருத்தித் தட்டச்சு செய்வாள், அதுவும் நல்லெண்ணத்தோடு. இத்தகைய திட்டங்களில் சோம்பேறிகள் செய்யும் பிழையைவிடக் கெட்டிக்காரர்கள் செய்யும் இந்தத் திருத்தம்தான் அதிகத் தொல்லை தருகிறது. சோம்பேறியின் பிழை ஒப்பிடும்போது அகப்பட்டுவிடும். கெட்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரித் திருத்தியிருந்தால் ஒப்பீட்டில் எந்த வேறுபாடும் தெரியாது.

ஆனால் எழுதியபடியே வைத்துக்கொண்டால், பின்னாளில் இராமலிங்கம் என்று தேடுபவருக்கு இந்த வரி கிடைக்காது. அதற்குத்தான் இரண்டு பத்திகள். ‘உள்ளபடி’ என்ற பத்தியில் பதிவேட்டில் இருப்பது ஓர் எழுத்து மாறாமல் வரும். ‘தேடலுக்கு’ என்ற பத்தியில் ஒரே சீரான வடிவம் வரும். சேர்ந்த தேதிக் கட்டத்தையும் இப்படியே தீர்க்கலாம். அங்கே உள்ள ‘௸’ என்பது ‘மேற்படி’ என்பதற்கான பழைய சுருக்கக் குறி. உள்ளபடிப் பத்தியில் ௸ என்றே இருக்க வேண்டும். தேடலுக்கு உரிய பத்தியில் 12.6.1917 என்று விரித்து எழுதலாம். இரண்டு இலக்க ஆண்டை நான்கு இலக்கமாக்குவதும் அந்தப் பத்தியில் மட்டுமே. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கு ௵, ௴, ௳ என்ற குறிகளும், ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களும் வரக்கூடும். இவை எல்லாமே யூனிகோடில் இருக்கின்றன. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்தால் வேறு கணினியில் திறக்கும்போது எல்லாம் சிதைந்துவிடும் என்பதால், யூனிகோடு ஒன்றையே பயன்படுத்துங்கள்.

எழுத்தின் உருவம் பற்றியும் ஒரு சொல் தேவை. தமிழ்நாட்டில் 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு லை, ளை, னை, ணை ஆகியவை துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை தனிக் கால் இல்லாமல் சுழித்தும் எழுதப்பட்டன. இன்றைய பிள்ளைகள் இவற்றைக் கண்டால் அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். இந்த எழுத்துகளை மட்டும் பெரிதாக எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இவற்றை இன்றைய வடிவத்தில் தட்டச்சு செய்வது திருத்தம் ஆகாது. எழுத்து அதேதான், உருவம்தான் வேறு. ராமலிங்கம் இராமலிங்கம் ஆவதில் எழுத்தே மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டை உரையிலேயே சொல்லிவிட்டால் பல நாள் குழப்பம் மிச்சம். அவசரக் கையெழுத்தில் விடுபட்ட மெய்ப்புள்ளியைச் சேர்த்து எழுதலாமா என்பதற்கு நான் ‘சேர்க்கலாம்’ என்பேன். எப்படி முடிவு செய்தாலும் விதித்தாளில் எழுதிவிட்டு எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் தேதியும் மட்டும் இருப்பதில்லை. சாதி, தகப்பனார் தொழில், கட்டணச் சலுகை பெற்ற விவரம், நீங்கிய காரணம் எல்லாம் இருக்கும். நீங்கிய காரணத்தில் நோய், இறப்பு, ஒழுங்கு நடவடிக்கை என்று வரலாம். குறிப்புப் பத்தியில் ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் எழுதிய கடுஞ்சொல் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பேத்தி இன்று உங்கள் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். உண்மையான வரியைத் திரையில் காட்டாதீர்கள் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். முழுப் பள்ளிக்கும் முன்னால் யாருடைய தாத்தாவின் சாதியையும் நீங்கள் படித்துக்காட்டிவிடக் கூடாது.

எந்தப் பதிவேட்டைத் தரலாம் என்பதற்கு ஆவணக் காப்பகங்களின் வழக்கம் உதவும். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 100 ஆண்டு மூடிவைக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022ல்தான் வெளியாயின. அமெரிக்காவில் அது 72 ஆண்டு. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் அதே 2022ல் திறக்கப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளின் விவரம் என்பதால் நான் 100 ஆண்டையே பரிந்துரைப்பேன். எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1917ல் தொடங்கிய பதிவேடு 1938 வரை ஓடியிருக்கலாம். அட்டையில் 1917 என்று போட்டிருப்பதை நம்பிக் கொடுத்தால், 1932ல் பிறந்தவரின் விவரமும் மாணவர் கைக்குப் போய்விடும். அவர் இன்றும் உயிரோடு இருக்கலாம். ஆகவே கடைசிப் பதிவின் தேதியிலிருந்து எண்ணுங்கள், அல்லது 100 ஆண்டு கடந்த பக்கங்களை மட்டும் படம் எடுத்துக் கொடுங்கள். அதற்குப் பிந்தைய பதிவேடுகளைப் படியெடுக்க வேண்டுமானால் ஆசிரியர்களே செய்யட்டும். உங்கள் பகுதியில் மாணவர் விவரம் பற்றிச் சட்டமோ துறை ஆணையோ இருந்தால், இந்த 100 ஆண்டுக் கணக்கைவிட அதுவே முந்தியது. படம் எடுப்பதற்கு முன் மேலதிகாரியிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை உரையில் மறைக்காமல் சொல்லுங்கள்:

“சில பக்கங்களை நீங்கள் பார்க்க முடியாது. சில பத்திகளை மூடித்தான் தருவோம். உங்களை நம்பாததால் இல்லை. அதில் எழுதப்பட்டிருப்பவர்கள் யாரும் நமக்கு அனுமதி தரவில்லை. நீங்கள் வாசிக்கும் வரியில் யாரையாவது புண்படுத்தும் சொல் இருந்தால் உள்ளபடி எடுங்கள். உரக்க வாசிக்காதீர்கள், வெளியே போய்ச் சொல்லாதீர்கள், செல்போனில் படம் பிடிக்காதீர்கள். ஆசிரியரிடம் வந்து காட்டுங்கள்.”

சாதிப் பத்தியை மூடிக் கொடுப்பது வரலாற்றை மறைப்பது ஆகாதா என்று ஆசிரியர் எவரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கு எப்போது கதவு திறந்தது என்பதை அந்தப் பத்திதான் சொல்லும். என் முடிவு இது: மாணவர் படியெடுப்பில் அந்தப் பத்தி வேண்டாம். ஆசிரியர் இருவர் அதைத் தனியாக எடுத்து, பெயரை நீக்கி, ஆண்டுவாரியான எண்ணிக்கையாக மட்டும் பிள்ளைகளுக்குத் தரலாம். அந்த எண்ணிக்கையை வைத்து வகுப்பில் நன்றாகவே விவாதிக்கலாம்.

மூலப் பதிவேட்டைப் பற்றி ஓரிரு நிமிடம் போதும். மூலம் வகுப்பறைக்கு வராது என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர் இருவர் அதை ஒருமுறை மட்டும் எடுத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னலோர வெளிச்சத்தில், முதுகை அழுத்தி விரிக்காமல் இருபுறமும் தாங்கல் கொடுத்துப் படம் எடுக்கட்டும். அட்டையிலிருந்து வெற்றுப் பக்கம் வரை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தை விட்டுவிட்டால் பிறகு அது வெற்றா, விடுபட்டதா என்று தெரியாது. கோப்புப் பெயர் `A1917_014.jpg` என்பது போலப் பதிவேடு, பக்கம் இரண்டையும் காட்டட்டும். வெள்ளைக் கையுறை வேண்டியதில்லை. கழுவி நன்றாக உலர்த்திய கையே தாளுக்கு நல்லது. கையுறை போட்டால் விரலின் உணர்வு குறைந்து ஓரம் கிழியும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது, அதன் பசை நாளடைவில் தாளைக் கறையாக்கும். அந்த அறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும்தான்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுங்கள். பிள்ளைகள் தயாரிப்பது தேடுவதற்கான நகல்தான். பிறந்த தேதிக்கோ படித்ததற்கோ யாராவது சான்று கேட்டு வந்தால், அலுவலகம் மூலப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தரும். நகலில் கண்ட பிழைக்காக மூலத்தில் ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக்கூடாது.

உரையின் கடைசிப் பகுதியில் வேலை நடக்கும் முறையைச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தை ஒருவர் திரையை மற்றவர் பார்க்காமல் படியெடுப்பார்கள். மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டு, மாறுபட்ட கட்டங்களை மட்டும் படத்தில் மீண்டும் பார்த்து முடிவு செய்வார். இது சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. முதல் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து வானிலை விவரங்களை எடுப்பதற்காக 2010ல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ திட்டத்தில், ஒரே பக்கத்தைத் தன்னார்வலர் பலர் தனித்தனியாக வாசித்து, அந்த வாசிப்புகளை ஒப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆய்வாளர்கள் அல்லர், சாதாரண மக்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம். தாங்கள் செய்யப்போவது விளையாட்டு வேலை அன்று என்று புரியும்.

ஒப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது வரி நழுவல். 44ஆம் வரியின் தேதியை எழுதிவிட்டு 46ஆம் வரிக்குக் கண் தாவிவிட்டால், அங்கிருந்து கீழே எல்லாப் பெயருக்கும் அடுத்தவருடைய தேதி வந்து உட்காரும். ஒவ்வொரு கட்டமும் சரியாக வாசிக்கப்பட்டது போலவே தோன்றும், முழுப் பக்கமும் தவறாக இருக்கும். பக்கத்தில் ௸ குறிகள் நிறைய இருந்தால் இது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பக்கத்தின் கடைசி வரிசை எண் மூலத்திலும் நகலிலும் ஒன்றாக இருக்கிறதா, அந்த வரியின் எல்லாக் கட்டங்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடு பொதுவாகத் தேதி வரிசையில் போகும். ஆகவே சேர்ந்த தேதி திடீரென்று பின்னோக்கிப் போனால் அங்கே தவறான வாசிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். விடுபட்டுப் பின்னால் சேர்க்கப்பட்ட வரியாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்திவாரியாக இறங்காமல், ஒரு வரியை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவதே நழுவலைத் தடுக்கும்.

முதல் வாரம் எல்லா ஜோடிகளுக்கும் ஒரே பக்கத்தைக் கொடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. பக்கங்களைப் பங்கிட்டுக் கொடுத்து வேகமாக முடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஒரே பக்கத்தை எல்லோரும் எடுத்தால், எந்த இடத்தில் விதி போதவில்லை என்பது உடனே வெளிப்படும். பாதிப் பேர் அடித்தெழுதிய சொல்லை விட்டிருப்பார்கள், பாதிப் பேர் எடுத்திருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு விதித்தாளைத் திருத்தி, அதற்கப்புறம் பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கலாம். இருபது பக்கம் முடிந்த பிறகு விதியை மாற்றினால் இருபதையும் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே உரையை இப்படி நிறைவு செய்யலாம்:

“திங்கட்கிழமை உங்கள் எல்லோருக்கும் ஒரே பக்கத்தின் படம் கிடைக்கும். வகுப்பாசிரியர் ஜோடி பிரிப்பார். ஒரு பாடவேளை நேரம். முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை வரி முடிகிறதோ அத்தனை போதும். கண்ணில் படுவதை எழுதுங்கள், சந்தேகம் என்றால் கேள்விக்குறி போடுங்கள். ஒவ்வொரு தாளின் கீழும் எடுத்தவர் இருவர் பெயரும் ஒப்பிட்டவர் பெயரும் இருக்க வேண்டும். நீங்கள் போட்ட கேள்விக்குறிகளை எல்லாம் செவ்வாய்க்கிழமை திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பேசுவோம்.”